எட்டில் ஒன்று என்றார்கள்: சக்கரம் சுழற்றும் செயலியில் ஏமாந்த கணக்கு

சுற்றுக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு சக்கரம் சுழற்றவிடும் ஒரு கைபேசிச் செயலியில் ஐந்து வாரங்களில் 2,850 ரூபாயை இழந்தேன். சராசரியாக எட்டுச் சுற்றுக்கு ஒரு முறை 50 ரூபாய் பரிசு விழும் என்று அதன் விதிப் பக்கம் சொல்லியது. 80 ரூபாய் கட்டி 50 ரூபாய் பெறுவது, சொன்னபடி நடந்தாலும் நட்டம்தான் என்பது கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் 600 சுற்றுகள் ஆடினேன்.

சரியாக ஒவ்வொரு எட்டாவது சுற்றிலும் பரிசு விழுந்திருந்தால் இது நடந்திராது. பரிசு கிடைத்த கையோடு, அடுத்த ஏழும் வெறும் சுற்று என்று தெரிந்துவிடும். எழுந்து போகத் தோன்றுவது அந்த நேரத்தில்தான். உளவியலாளர்களான ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1957இல் நூலாக வெளியிட்ட சோதனைகளில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் கொத்தினால் தீனி என்று பழக்கப்பட்ட புறாக்கள் தீனி தின்றதும் சற்று நேரம் சும்மா இருந்தன. அந்த எண்ணிக்கை முறைக்கு முறை மாறியபோது அவை ஏறக்குறைய இடைவிடாமல் கொத்தின. செயலியில் இருந்த என் ஆட்டப் பதிவிலும் அதுவே இருக்கிறது: இரவு 11.14க்கு 50 ரூபாய் விழுந்திருக்கிறது, நான்கு நொடி கழித்து அடுத்த சுற்றுக்குப் பணம் கட்டியிருக்கிறேன்.

அதைவிட மோசமானது, பரிசு குறைக்கப்பட்டதை ஆடும்போது கண்டுபிடிக்க முடியாமல் போவது. நிலையான முறையில் எட்டாவது சுற்று வெறுமையாகப் போனால் உடனே சந்தேகம் வரும். ஒவ்வொரு சுற்றிலும் எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு என்றால், இருபது சுற்று தொடர்ந்து தோற்பது நேர்மையான சக்கரத்திலும் நூற்றுக்கு ஏழு முறை நடக்கும். ஆகவே இருபதாவது தோல்வியிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. இனி விழ வேண்டிய முறைதான் என்று எண்ணினேன். சக்கரத்துக்கு முந்தைய சுற்று நினைவில் இருப்பதில்லை என்பதை மறந்தே போனேன்.

பிறகு பதிவை இறக்கி எண்ணினேன். முதல் 100 சுற்றில் 27 பரிசுகள். அப்போது எனக்கு 350 ரூபாய் லாபம்கூட இருந்தது. அடுத்த 300இல் 30. கடைசி 200இல், சொன்ன விகிதப்படி 25 வர வேண்டிய இடத்தில், வெறும் 6. தொடக்கத்தின் தாராளத்தையும் முடிவின் வறட்சியையும் சேர்த்துத் தற்செயல் என்று நம்ப என்னால் முடியவில்லை. புகார் எழுதினேன், முடிவுகள் தற்செயலானவை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

இதே வகைச் செயலியில் பணம் கட்டியிருப்பவர்கள், பதினைந்து இருபது சுற்றை வைத்து எதையும் முடிவு செய்யாமல், முழுப் பதிவையும் இறக்கி நூறு நூறாகப் பிரித்து எண்ணிப் பாருங்கள். என் புகாருக்குப் பிறகு அந்தச் செயலி கடைசி 50 சுற்றுகளை மட்டுமே காட்டுகிறது.