பதநீர்க் கடைக்கு 30 லிட்டரா, 40 லிட்டரா?

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையோரம் பதநீர் விற்கிறேன். 30 லிட்டர் எடுத்தால் மிஞ்சாது, ஆனால் சில நாள் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். 40 எடுத்தால் யாரும் ஏமாந்து போவதில்லை, ஆனால் மிஞ்சலாம். நான் 40 பக்கம்தான். காரணம் வியாபாரம் அல்ல, கருப்பட்டி காய்ச்சுகிற விடிலி.

என் கணக்கில் வாங்குவது லிட்டர் 50 ரூபாய், விற்பது 80. ஒரு லிட்டர் இல்லையென்று சொன்னால் 30 ரூபாய் போச்சு. ஒரு லிட்டர் மிஞ்சிக் கொட்டினால் 50 போச்சு. 40 லிட்டரும் விற்கிற நாளும் 30-ஓடு நிற்கிற நாளும் பாதிப் பாதி என்று வையுங்கள். 30 எடுப்பவருக்கு இரண்டு நாளில் 1,800 ரூபாய் நிற்கும். 40 எடுப்பவருக்கு நல்ல நாளில் 1,200, மந்தமான நாளில் 900-இல் 500 கழிந்து 400, ஆக 1,600. கொட்டுவதானால் 30-தான் சரி.

ஆனால் மிஞ்சியதை விடிலியில் லிட்டர் 30 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது மந்தமான நாளின் நட்டம் 500 அல்ல, 200. இரண்டு நாளுக்கும் சேர்த்து 1,900. கணக்கு அப்படியே புரண்டுவிடுகிறது.

இதில் நேரம்தான் எல்லாம். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாலும் வெயில் ஏற ஏறப் பதநீர் புளிக்கத் தொடங்கும். புளித்ததைக் காய்ச்சினால் பாகு சிரட்டையில் இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும், ஆகவே விடிலியில் வாங்க மாட்டார்கள். குடத்தின் ஓரத்தில் நுரை கட்டி லேசாகப் புளிப்பு வாடை வந்தால் அதன் விலை பூஜ்யம். அதனால் பத்து மணிக்கே குடத்தைப் பார்த்து, பிறகு வரும் சிலருக்கென்று கொஞ்சம் வைத்துக்கொண்டு, மீதியை அனுப்பிவிடுகிறேன். ‘இன்னும் நாலு பேர் வருவான்’ என்று மதியம் வரை வைத்திருப்பவருக்கு மேலே சொன்ன 1,600 கணக்குதான். பக்கத்தில் விடிலி இல்லாதவரும் 30-ஓடு நிற்பது நல்லது.

அப்புறம், 30 எடுப்பவரின் நோட்டு ஏமாற்றும். தினமும் 30 என்றே எழுதியிருக்கும், கேட்டு வந்தது எவ்வளவு என்று அதில் இருக்காது. தீர்ந்த நேரத்தையும் பக்கத்தில் குறித்தால் தெரிந்துவிடும். ஒன்பது மணிக்கே காலி என்றால் அன்று 40 போயிருக்கும், பதினொன்றரைக்குக் காலி என்றால் 30-தான் அளவு.

வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் வருகிற நாட்களுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. அந்த நாட்களில் பனையேறியிடம் இரண்டு தவணையாகக் கேட்டு வாங்குகிறேன். முதல் குடம் போகிற வேகத்தைப் பார்த்துத்தான் இரண்டாவது.