கிளிநொச்சிப் பக்கம் கதிரைக்குக் குஷன் வேலை கொடுக்க இருக்கிறவர்கள் கவனத்துக்கு

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. ஏ9 வீதியோரம், கிளிநொச்சிப் பக்கம் என்பதோடு விடுகிறேன். ஆனால் என்ன நடந்தது என்பதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஏமாற்று வேலை முழுவதும் கதிரையின் அடியில்தான் இருக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எங்களிடம் முதிரையில் செய்த ஆறு சாப்பாட்டு மேசைக் கதிரைகள் இருக்கின்றன. இருக்கை மட்டும் தனியாகக் கழன்று வரும். ஒரு ப்ளைவூட் பலகை, மேலே ஸ்பொஞ்ச், அதை மூடித் துணி, அடியில் நாலு மூலையிலும் ஒவ்வொரு திருகாணி, அவ்வளவுதான். ஸ்பொஞ்ச் பொடிப்பொடியாக உதிரத் தொடங்கியதால் வேலைக்குக் கொடுத்தோம். பழைய துணியையும் ஸ்பொஞ்சையும் முழுக்கக் கழற்றிவிட்டு, இரண்டு அங்குலப் புது ஸ்பொஞ்ச் வைத்து, நாங்கள் வாங்கிக் கொடுத்த துணியால் மூடித் தருவதென்று பேச்சு. திரும்பி வந்தபோது நல்ல வடிவாகத்தான் இருந்தன. அடியில் கறுப்புத் துணிகூட அடித்து நேர்த்தியாகக் கொடுத்திருந்தார்கள்.

ஒரு மாதம் போகவில்லை, முன்விளிம்பில் துணி தொய்ந்து, ஆள் எழும்பினால் மடிப்பு மடிப்பாக நின்றது. ஒரு கதிரையில் பக்கத்துணி கழன்றே வந்துவிட்டது. பக்கத்துக் காணி ஓடாவி அண்ணையைக் கூப்பிட்டோம். அவர் கறுப்புத் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, பழசு ஒண்டும் கழட்டேல்லை. எல்லாத்துக்கும் மேலாலதான் அடிச்சிருக்கிறாங்கள்" என்றார்.

உதிர்ந்த ஸ்பொஞ்ச் அப்படியே உள்ளே கிடந்தது. அதற்கு மேல் அரை அங்குல ஸ்பொஞ்ச் தகடு ஒன்றைப் போட்டுப் புதுத் துணியை இழுத்து மூடியிருந்தார்கள். அதைவிட மோசம் ஸ்டேப்பிள். கால் நீளம் 6 மில்லிமீற்றர்தான். பலகையில் மட்டும் இறங்குவதென்றால் அதுவே ஓரளவு தாங்கும். ஆனால் இங்கே பழைய துணி, புதுத் துணி, அதன் மடிப்பு எல்லாவற்றையும் கடந்துதான் மரத்துக்குப் போக வேண்டும். பாதிக்கு மேல் துணிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அண்ணை குறடுகூட எடுக்கவில்லை, நகத்தால் நெம்பியே சிலதைக் கழற்றிக் காட்டினார். 12 மில்லிமீற்றர் பலகைக்கு அவர் போடுவது 10 மில்லிமீற்றர் ஸ்டேப்பிள். அதற்கு மேல் நீளமானதைப் போட்டால் முனை மேலே வந்து குத்தும் என்றார்.

இழுத்த முறையும் பிழை. ஒரு பக்கத்தை மூலையிலிருந்து மூலைக்கு முழுக்க அடித்து முடித்துவிட்டு, எதிர்ப் பக்கத்தை ஒரே இழுவையாக இழுத்திருக்கிறார்கள். அதனால்தான் துணியின் கோடு முன்பக்கம் ஒரு விரல் அளவு சரிந்து நின்றது. அண்ணை ஒரு கதிரையை எங்கள் முன்னாலேயே சரிசெய்தார். எல்லாவற்றையும் கழற்றிப் புது ஸ்பொஞ்ச் வைத்து, இருக்கையைக் கவிழ்த்துப் போட்டு, முன்பக்கம் நடுவில் ஒரு ஸ்டேப்பிள். பிறகு பின்பக்கம் நடுவில், அப்புறம் இடமும் வலமும். கோடு நேராக நிற்கிறதா என்று ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். அதன்பின் நடுவிலிருந்து மூலையை நோக்கி, ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப் பக்கம் கொஞ்சம் என்று அங்குலத்துக்கு ஒன்றாக அடித்துக்கொண்டு போனார். மூலைக்கு இரண்டு அங்குலம் வைத்து நிறுத்தி, மிச்சத் துணியை மடித்து, உள்ளே தடித்து நின்றதைக் கத்தரித்துவிட்டுக் கடைசியாகத்தான் மூலை.

கடைக்காரர் மூலையில் எதையும் கத்தரிக்கவில்லை. பழையதும் புதியதும் சேர்ந்து கட்டியாகிவிட்டதால் இருக்கை சட்டத்துக்குள் இறங்கவில்லை போலும், திருகாணியை முறுக்கியே இறக்கியிருக்கிறார்கள். இரண்டு கதிரைகளில் மூலைக்கட்டை வெடித்துவிட்டது. துணி போனால் வேறு வாங்கலாம், முதிரைக் கட்டை வெடித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கொண்டுபோய்க் காட்டினோம். "வன்னி வெயிலுக்குத் துணி இளகும் அக்கா, நாங்கள் என்ன செய்யிறது" என்றார்கள். அதே வீட்டில், அதே வெயிலில், அண்ணை அடித்த கதிரை இன்னும் இறுக்கமாக நிற்கிறது. காசு திரும்ப வரவில்லை. வெடித்த கட்டை பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

கொடுக்கிறவர்கள் முதலில் ஒரு கதிரையை மட்டும் கொடுங்கள். கறுப்புத் துணி அடிக்க முன் பார்க்க வேண்டுமென்று சொல்லிவிடுங்கள். கழற்றிய பழைய துணியைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், அது கையில் வராவிட்டால் எங்கே இருக்கிறதென்று உங்களுக்கே விளங்கும். வாங்கும்போது முன்விளிம்புத் துணியை இரு விரலால் கிள்ளி இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கிள்ளுப்பட்டு மேலே வந்தால் மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள்.