எடையே குற்றத்தைத் தீர்மானிக்கும்போது: சிங்கப்பூரும் மலேசியாவும்

போதைப்பொருளை வைத்திருந்தவர் அதை விற்க எண்ணினார் என்று மெய்ப்பிப்பது கடினம் என்பதால், மியன்மார், லாவோஸ், தாய்லாந்து எல்லைகள் சந்திக்கும் தங்க முக்கோணப் பகுதியிலிருந்து வரும் கடத்தல் வழிகளுக்கு அருகிலுள்ள இவ்விரு நாடுகளும் எடையை வைத்தே அந்த எண்ணத்தை ஊகிக்கின்றன. சிங்கப்பூரில் 2 கிராமுக்கு மேல் ஹெராயின் இருந்தாலே அது விற்பனைக்கானது என்று கொள்ளப்படும். மலேசியாவில் அந்த வரம்பு 15 கிராம். அதை மறுத்து மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவருடையது.

தண்டனையில்தான் இரண்டும் பிரிகின்றன. மலேசியா 2023-இல் கட்டாய மரண தண்டனையை நீக்கியதால், கடத்தல் வழக்கில் நீதிபதி மரண தண்டனைக்குப் பதிலாக ஆயுள் சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை இன்றும் கட்டாயமே. வெறும் கூலிக்குச் சுமந்தவர், புலனாய்வுக்குக் கணிசமாக உதவினார் என்று அரசுத் தரப்பே சான்றளித்தால் ஆயுள் சிறையோடு தப்பலாம். எனக்கு இதில் நெருடுவது, பெரிய புள்ளிகளை அறிந்தவருக்கே அந்தச் சான்று எளிது என்பதுதான்.

ஊருக்குத் திரும்பி வரும் தொழிலாளி, நண்பர் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் பெட்டியில் வைக்கிறார் என்று கொள்வோம். உள்ளே 20 கிராம் தூய ஹெராயின் இருந்தால், இரு நாடுகளிலும் ‘எனக்குத் தெரியாது’ என்பதை அவரே நிறுவ வேண்டும். கொடுத்தவரின் பெயரும் தொலைபேசிச் செய்திகளும் இல்லாதபோது அந்த வாதம் பெரும்பாலும் நிற்பதில்லை.