நல்ல பேட்டரியைக் கழற்றிவிட்டு 4,800 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

நேற்று சாயங்காலம் நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரியில் லே போயிருந்தோம். வெளியே மைனஸ் 12 டிகிரி. வீடியோ எடுக்க ஆரம்பித்த பத்து நிமிடத்தில், 38 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே போன் பொட்டென்று அணைந்துவிட்டது. அறைக்குத் திரும்பி அரை மணி நேரம் கழித்து ஆன் செய்தால், சார்ஜ் போடாமலே 34 சதவீதம் காட்டியது. பேட்டரிக்கு ஒன்றுமில்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? குளிரில் பேட்டரியின் உள்தடை ஏறிவிடும். கேமரா திடீரென்று மின்சாரம் இழுத்தால் வோல்டேஜ் சரியும், போன் அணையும். சூடு வந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

திருச்சி வந்ததும் ஒரு மொபைல் சர்வீஸ் கடைக்குப் போனேன். அந்தத் தம்பி நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார், டீ வாங்கிக் கொடுத்தார். "அண்ணே, செல் செத்துடுச்சு. ஒரிஜினலே போட்டுத் தர்றேன், ஆறு மாசம் வாரண்டி" என்றார். செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் 91 சதவீதம் என்று இருந்ததைக் காட்டினேன். "அது சும்மா காட்டும்ணே" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பி 4,800 ரூபாய் கொடுத்தேன். பழைய பேட்டரியைத் திருப்பிக் கேட்கவும் தோன்றவில்லை.

போன வாரம், வெளியே 40 டிகிரி வெயில். போனைக் காரில் கியர் பக்கத்துக் குழியில் வைத்துவிட்டு ஒரு கல்யாணத்துக்குள் போய் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டேன். கண்ணாடி ஏற்றிய காருக்குள் சூடு வெளியைவிட இருபது டிகிரிக்கு மேலும் ஏறும். என் போனின் கையேட்டில் பயன்பாட்டுக்கு 0 முதல் 35 டிகிரி, அணைத்து வைக்க 45 வரை என்றுதான் இருக்கிறது. வைத்தது என் தப்புதான். ஆனால் பழைய பேட்டரி இதே காரில் மூன்று கோடைகளைத் தாண்டியது! புதியது நாலே நாளில் உப்பி, திரையின் ஓரத்தைத் தூக்கிவிட்டது. மேஜையில் வைத்தால் போன் ஆடுகிறது.

நேற்று கடைக்குப் போனால், "ஹீட் டேமேஜ், வாரண்டி கிடையாது" என்கிறார். ஓனரிடம் பேச வேண்டும் என்றால் வெளியூர் போயிருக்கிறாராம். ரசீதில் பேட்டரி என்று மட்டும் எழுதியிருக்கிறது, என்ன பேட்டரி என்று இல்லை. 4,800 ரூபாய்!

அவசரமாகச் சொல்கிறேன். குளிரில் அணைந்த போனை உள்சட்டைப் பையில் வைத்துச் சூடாக்கிப் பாருங்கள், அதற்கு முன் சார்ஜ் போடாதீர்கள், உறைநிலையில் சார்ஜ் ஏற்றினால் செல் உண்மையிலேயே கெடும். மாற்றினால் பழைய பேட்டரியைக் கையில் வாங்குங்கள். உப்பிய போனை அழுத்தாதீர்கள், சார்ஜரில் போடாதீர்கள். காரில் போனை விடாதீர்கள்.