பிராம்ப்ட் பதிவேடு: 14 மாதம் எழுதிப் பார்த்த பிறகு

எங்கள் குழுவில் நான்கு பேர். வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் மின்னஞ்சல்களை மொழி மாடலிடம் கொடுத்து ஐந்து வகையாகப் பிரிக்கிறோம்: பணம் திரும்பக் கேட்பது, டெலிவரி, பழுது, கணக்கு, எதிலும் சேராத ‘மற்றவை’. மாடலுக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளையான பிராம்ப்டின் ஒவ்வொரு பதிப்பையும் அதன் முடிவையும் குறித்து வைக்கும் பதிவேட்டை ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு சண்டை. ஒரு வாரம் பிரிப்பு திடீரென்று மோசமானது. போன மாதம் இருந்த பிராம்ப்டுக்கே திரும்பலாம் என்று முடிவு செய்தோம், ஆனால் அது யாரிடமும் இல்லை. குழு அரட்டையில் மூன்று துண்டுகள் கிடைத்தன. மூன்றுக்கும் கீழே “இப்போ நல்லா வருது” என்று ஒரே மாதிரிக் குறிப்பு. எது எதைவிட நல்லது என்று எழுதியவருக்கே நினைவில்லை.

முதலில் ஸ்ப்ரெட்ஷீட்டில்தான் தொடங்கினோம். பதிப்பு எண், பிராம்ப்ட், முடிவு, குறிப்பு என்று நான்கு பத்தி. இரண்டு மாதம் ஓடியது, அதற்குள் இரண்டு தொல்லை. நீளமான பிராம்ப்டை ஒரு கட்டத்துக்குள் ஒட்டி, அங்கிருந்து மறுபடி எடுக்கும்போது வரி முறிவுகள் மாறின, மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாயின. ஒருமுறை கடைசி வரியே விடுபட்டது. பதிவேட்டில் இருப்பதும் உண்மையில் ஓடியதும் வேறு என்றால், அந்தப் பதிவேட்டை வைத்து என்ன செய்வது? இன்னொன்று சோம்பல். வேலை நெருக்கடியில் யாரும் எழுதுவதில்லை. வெள்ளிக்கிழமை மாலை உட்கார்ந்து ஐந்து பதிப்பை நினைவிலிருந்து நிரப்பிய நாட்கள் உண்டு. அந்த வரிகளை இன்று நான் நம்புவதில்லை.

மூன்றாவது மாதம் ஒவ்வொரு பிராம்ப்டையும் தனி உரை ஃபைலாக்கி, ஃபைல்களின் எல்லாப் பதிப்புகளையும் சேமித்து வைக்கும் Git-இல் போட்டோம். நிரல் அந்த ஃபைலைத்தான் படிக்கும், வேறெங்கும் பிராம்ப்ட் கிடையாது. சோதனையை ஓட்டினால் பதிப்பு, மாடலின் முழுப் பெயர், விடையில் எவ்வளவு தற்செயல் இருக்கலாம் என்று தீர்மானிக்கும் டெம்பரேச்சர், மதிப்பெண் எல்லாவற்றையும் நிரலே பதிவேட்டில் எழுதிவிடும். மனிதர் எழுத வேண்டியது இரண்டு வரி மட்டும்: ஓட்டும் முன் என்ன எதிர்பார்க்கிறோம், ஓட்டிய பின் என்ன கண்டோம். பதிவேடு 14 மாதம் உயிரோடு இருப்பதற்கு இந்த இரண்டு வரிக் கணக்குதான் காரணம் என்று நினைக்கிறேன். இன்னும் இரண்டு பத்தி கூட்டியிருந்தால் செத்திருக்கும்.

சோதனைக்கு 60 மின்னஞ்சல்கள் வைத்திருக்கிறோம். பெயர், தொலைபேசி எண் எல்லாம் நீக்கியவை. ஒவ்வொன்றுக்கும் சரியான வகை எது என்று இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து, ஒத்துப்போகாதவற்றைப் பேசி முடிவு செய்தோம். (அந்தப் பேச்சிலேயே எங்கள் வகைப் பிரிப்பில் பாதிக் குழப்பம் வெளியே வந்தது. அதில் மாடலின் குற்றம் எதுவும் இல்லை.)

பதிவேடு எப்படி உதவியது என்பதை ஒரு பதிவை வைத்தே சொல்கிறேன். 11-ஆம் பதிப்பில் இப்படி ஒரு வரி இருந்தது: “சந்தேகம் இருந்தால் ‘மற்றவை’ என்று குறி.” நியாயமான வரியாகத்தான் தெரியும். ஆனால் மாடல் எதற்கெடுத்தாலும் சந்தேகப்பட்டது. பொருள் உடைந்து வந்தது, பணமும் வேண்டும் என்று ஒருவர் எழுதினால், பழுதா பணமா என்று தீர்மானிக்காமல் ‘மற்றவை’க்குள் தள்ளியது. 60-க்கு 49 சரி. அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினோம்: “மேலே உள்ள நான்கில் எதுவும் மடலில் பேசப்படவே இல்லை என்றால் மட்டும் ‘மற்றவை’.” மாடலின் பெயரை மட்டும் விட்டுவிட்டால், பதிவேட்டில் விழுந்தது இது:

```
version: 12
temperature: 0
changed: "மற்றவை" விதி, ஒரே வரி
expect: "மற்றவை" குறையும்; வேறு மாற்றம் இராது
result: 53/60 (v11: 49)
fixed: 7
broke: 3
note: நன்றி மடல் மூன்றும் டெலிவரிக்குப் போயின
```

மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் நான்கு கூடியிருக்கிறது, சபாஷ் என்று போயிருப்போம். `fixed`, `broke` என்ற இரண்டு வரியும் வேறு கதை சொல்கின்றன. ஏழு மடல் சரியானது, முன்பு சரியாக இருந்த மூன்று கெட்டது. அந்த மூன்றையும் திறந்து பார்த்தோம். மூன்றும் “பொருள் வந்து சேர்ந்தது, நன்றி” வகை. யாரும் எதுவும் கேட்கவில்லை, அதனால் ‘மற்றவை’தான் சரி. ஆனால் டெலிவரி ‘பேசப்படுகிறது’ அல்லவா? மாடல் நாங்கள் எழுதியதைத்தான் அப்படியே செய்திருக்கிறது. தவறு எங்கள் வினைச்சொல்லில்.

அதனால் 13-ஆம் பதிப்பில் அந்த வரியை மறுபடி எழுதினோம்: “வாடிக்கையாளர் நம்மிடம் எதைச் செய்யச் சொல்கிறார் என்பதை வைத்து வகையைத் தீர்மானி. எதையும் செய்யச் சொல்லவில்லை என்றால் ‘மற்றவை’.” 56 சரி. கெட்டுப்போன மூன்றும் திரும்பி வந்தன, முன்பு சரியான ஏழும் நின்றன. மடலில் எது குறிப்பிடப்படுகிறது என்பதை விட்டுவிட்டு, எது கேட்கப்படுகிறது என்று மாடலைப் பார்க்கச் சொல்ல வேண்டும்: இது எங்களுக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள பாடம். பின்னால் புகார் மடல்களைச் சுருக்கும் வேறொரு பிராம்ப்டிலும் இதே சொல்லாடலைப் பயன்படுத்தினோம். வெறும் 49, 53, 56 என்று மட்டும் பதிந்திருந்தால் இது கிடைத்திருக்காது. பதிவேடு வைக்க நினைப்பவர் ஒரே ஒரு பத்தி கூட்டுவதென்றால், எந்தெந்தச் சோதனையின் விடை புரண்டது என்ற பத்தியைக் கூட்டட்டும்.

எதிர்பார்ப்பை முன்கூட்டி எழுதுவது முதலில் எனக்கு வேண்டாத வேலையாகத் தோன்றியது. இப்போது அதை விடமாட்டேன். முடிவைப் பார்த்தபின் காரணம் சொல்வது எல்லோருக்கும் சுலபம். “மிகவும் கவனமாகப் படி”, “இது மிக முக்கியம்” போன்ற வரிகளைச் சேர்த்தபோதெல்லாம் மதிப்பெண் கூடும் என்று எதிர்பார்ப்பில் எழுதியிருக்கிறோம். எங்கள் வேலையில் ஒருமுறைகூடக் கூடவில்லை. எழுதி வைத்திராவிட்டால் ஏதோ கொஞ்சம் உதவுகிறது என்றே இன்றும் நம்பிக்கொண்டிருப்போம்.

இனி நாங்கள் ஏமாந்த இடங்கள்.

முதல் ஏமாற்றம் ஒன்று, இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தைக் கொண்டாடியது. டெம்பரேச்சர் 0 என்றால் எப்போதும் ஒரே விடை வரும் என்று நினைத்திருந்தோம். ஒருநாள் எதையும் மாற்றாமல் ஒரே பதிப்பை ஐந்து முறை ஓட்டினேன். மூன்று முறை 53, ஒருமுறை 52, ஒருமுறை 54. சர்வரில் பலருடைய கோரிக்கைகள் ஒன்றாகச் சேர்ந்து கணக்கிடப்படுகின்றன. எத்தனை சேர்கின்றன என்பதைப் பொறுத்துத் தசமக் கூட்டல்களின் வரிசை மாறலாம். அந்தச் சிறு வேறுபாடு, இரண்டு விடைகள் சமமாகத் தொங்கும் இடத்தில் ஒன்றை மற்றதாகப் புரட்டிவிடும். அப்படியானால் முதல் பத்துப் பதிப்புகளில் நாங்கள் எழுதிய ‘முன்னேற்றம்’ பாதிக்கு மேல் வெறும் தற்செயல் ஆட்டம். இப்போது ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டுகிறோம். மூன்றிலும் புரண்ட மடல்களை மட்டுமே மாற்றமாகக் கணக்கில் எடுக்கிறோம்.

இரண்டாவது இன்னும் வெட்கக்கேடு. ஒரு மடல் தொடர்ந்து தவறாகவே வந்தது. குழுவில் ஒருவர் அதையே எடுத்துக்காட்டாகப் பிராம்ப்டுக்குள் வைத்துவிட்டார். மதிப்பெண் ஏறியது. ஏறாமல் என்ன செய்யும்? தேர்வுத்தாளில் விடையை அச்சிட்டுக் கொடுத்த மாதிரி. `fixed` பட்டியலில் அந்த ஒரே மடல் மட்டும் இருந்ததால்தான் பிடிபட்டது. அப்புறம் புதிதாக 20 மடல்களைத் தனியாக எடுத்து வைத்தோம். தினசரி வேலையில் அவற்றை யாரும் திறப்பதில்லை, ஒரு பதிப்பு நிஜ வேலைக்குப் போகும் முன் மட்டும் ஓட்டுகிறோம்.

மூன்றாவது, பதிவேட்டையே வேதமாக எடுத்துக்கொண்டது. பத்தாவது மாதம் புதிய மாடலுக்கு மாறினோம். பழைய பாடங்கள் அப்படியே பொருந்தும் என்று ஒரு மாதம் அதே வரிகளோடு ஓட்டினோம். பிறகு ஒருநாள் 11, 13 இரண்டையும் புதிய மாடலில் ஓட்டிப் பார்த்தேன்: 55, 56. நாங்கள் இத்தனை பெருமைப்பட்ட வித்தியாசம் ஆட்டத்தின் அளவுக்குள் சுருங்கிவிட்டது. ‘சந்தேகம்’ என்ற சொல்லைப் புதிய மாடல் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறது. அதனால் இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் அது எந்த மாடலில் சோதித்தது என்று எழுதுகிறோம். மாடல் மாறினால் ஐந்து பழைய பதிப்புகளையாவது மறுபடி ஓட்டுகிறோம். இதற்கு மாடலின் பெயர் தேதியோடு முழுதாகப் பதிவாகியிருக்க வேண்டும். ‘புதிய பதிப்பு எதுவோ அது’ என்று சுட்டும் பொதுப்பெயரை வைத்தால், அடியில் மாடல் மாறியது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

பதிவேடு கைகொடுக்காத இடமும் உண்டு. மடல்களுக்குப் பதில் வரைவு எழுதும் பிராம்ப்டுக்கும் இதே முறையை முயன்றோம். வரைவுக்கு சரி, தவறு என்று இல்லை, ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டோம். ஒரே வரைவுக்கு நான் நான்கு போட, பக்கத்தில் இருப்பவர் இரண்டு போட்டார். அதே வரைவுக்கு அடுத்த வாரம் நானே மூன்று போட்டேன். அந்தப் பத்தியை அழித்துவிட்டோம். இப்போது பழைய பதிப்பின் வரைவையும் புதியதையும் எது எதுவென்று சொல்லாமல் பக்கம் பக்கமாக வைத்து, எது அனுப்பத் தகுந்தது என்று மட்டும் கேட்கிறோம். பரவாயில்லை, ஆனால் மெதுவாகப் போகிறது. 20 ஜோடி பார்ப்பதற்குள் எல்லோருக்கும் கொட்டாவி வருகிறது.

இன்னொரு குறை, 40 பதிப்புகளை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. புதிதாகச் சேர்ந்தவர் இரண்டாவது வாரமே “சந்தேகம் இருந்தால் ‘மற்றவை’ என்று போடலாமே” என்று கேட்டார். பதிவேட்டில் பதில் இருந்தது, அவர் கண்ணில் படவில்லை. அதனால் ஒரு பக்கத்துக்கு மிகாத தனிக் குறிப்பு ஒன்று வைத்தோம். முயன்று தோற்ற சொல்லாடல்கள், அதற்கான பதிப்பு எண், சோதித்த மாடல், அவ்வளவுதான். அவருடைய யோசனையைப் புதிய மாடலில் ஓட்டியும் பார்த்தோம். 41-ஆம் பதிப்பாகப் பதிவாகியிருக்கிறது. 60-இல் ஒன்றும் பெரிதாக அசையவில்லை. தனியாக வைத்த 20-இல் இரண்டு ‘கணக்கு’ மடல்கள் மூன்று ஓட்டத்திலும் ‘மற்றவை’க்குப் போயின. ஏன் அந்த இரண்டு மட்டும் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், குறிப்பு வரி காலியாகத்தான் இருக்கிறது.