நீள த்ரோவா, குட்டி த்ரோவா: டிஃபென்ஸுக்கு எது தலைவலி?

2008 நவம்பரில் ஸ்டோக் சிட்டி மைதானத்தில் ஹல் சிட்டி கோல்கீப்பர் போவாஸ் மைஹில் ஒரு வேலை செய்தார். பந்தைப் பக்கக்கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டால் த்ரோ-இன் போகும். அதற்குப் பயந்து, வேண்டுமென்றே கோல் கோட்டுக்கு வெளியே அடித்து கார்னர் கொடுத்தார். எறியப்போகிறவர் ஸ்டோக்கின் ரோரி டிலாப் என்றால் கார்னரே மேல் என்பது அவர் கணக்கு. அந்த மாதத் தொடக்கத்தில்தான் ஆர்சனல் இதே மைதானத்தில் 2-1 எனத் தோற்றிருந்தது. ஸ்டோக்கின் இரண்டு கோலும் டிலாப் எறிந்த பந்தில் வந்தவை.

மைஹில் கணக்கு தப்பில்லை. 68 மீட்டர் அகல மைதானத்தில் பக்கக்கோட்டிலிருந்து அருகிலுள்ள கோல்போஸ்ட் ஏறக்குறைய 30 மீட்டர். பள்ளி நாளில் ஈட்டி எறிந்து பழகிய டிலாப் அந்தத் தூரத்துக்குப் பந்தைத் தாழ்வாக, நேராக அனுப்புவார். உயரமான ஒருவர் அதை முன் போஸ்ட் பக்கம் தலையால் பின்னுக்கு லேசாகத் தட்டினால் போதும், அத்தனை டிஃபெண்டர்களும் தவறான பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கோல்கீப்பர் வெளியே வரலாமென்றால் கூட்டம் வழிமறிக்கும். டிஃபெண்டர் முதலில் எட்டினாலும் தொல்லை தீராது. உதைத்த பந்தின் வேகம் எறிந்த பந்தில் இல்லை, அதனால் ஹெடர் தூரம் போகாமல் பாக்ஸ் விளிம்பிலேயே விழும். அங்கே ஷாட் அடிக்க ஒருவர் காத்திருப்பார்.

த்ரோ-இன்னில் நேரடியாக வாங்குபவருக்கு ஆஃப்சைடு கிடையாது, ஆகவே கோல்கீப்பரை ஒட்டியே நிற்கலாம். ஆனால் முதல் ஆள் தலையால் தட்டியதும் அந்தச் சலுகை முடிந்தது. அந்த நொடியில் மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று லைன்ஸ்மேன் பார்ப்பார்.

குட்டி த்ரோ வேறு ரகம். 2018-ல் லிவர்பூல் த்ரோ-இன்னுக்கென்றே டென்மார்க்கின் தாமஸ் குரோனமார்க்கைப் பயிற்சியாளராக வைத்தது. ஒருவர் எறிபவரை நோக்கி ஓடிவந்து தன்னைக் காக்கும் ஆளை இழுக்க, அவர் விட்ட இடத்தில் இன்னொருவர் நுழைந்து பந்தை வாங்குவார். இது கோல் தேடும் வேலையைவிடப் பந்தைக் காப்பாற்றும் வேலை. சொந்தப் பாதியில் எனக்கு இதுதான் சரி. அங்கே பந்து பறிபோனால் நேரே நம் கோல்தான் ஆபத்தில்.

எதிரணி பாக்ஸுக்குப் பக்கத்தில் என்றால், எறிய ஆளும் தலையால் முட்ட உயரமும் இருக்கிற அணி நீள த்ரோவை விடவே கூடாது. அழகில்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சென்டர்-பேக் இருவரும் முன்னே ஏறியிருப்பார்கள், எறிந்தவரோ கோட்டோரத்தில் மாட்டியிருப்பார். கோல்கீப்பர் பந்தைச் சுத்தமாகப் பிடித்து உடனே உருட்டிவிட்டால் எதிர்த்தாக்குதலுக்கு மைதானம் திறந்து கிடக்கும். வேகமான இரண்டு பேரையாவது பின்னால் நிறுத்தாமல் எறியக் கூடாது.