துண்டுக் கல்லின் சதுர அடி: குறுக்குப் பெருக்கல் முறையைச் சில வருடங்கள் பயன்படுத்திய அனுபவம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூர், ஜெகதேவி பக்கம் போனால் கிரானைட் பாலிஷ் பட்டறைகளின் ஓரத்தில் துண்டுக் கற்கள் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். ஒரு மூலை உடைந்தது, நடுவில் விரிசல் விட்டதால் வெட்டி எடுத்தது, பிளாக்கின் ஓரத்திலிருந்து வந்ததால் ஒரு பக்கம் கோணிப்போனது என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். படிக்கட்டுக்கும் திண்ணைக்கும் இவற்றை வாங்கிப் போகும் மேஸ்திரிகள் சதுர அடிக் கணக்கில்தான் பணம் தருகிறார்கள். இப்படிப்பட்ட ஒரு பட்டறையில் கணக்கு எழுதும் நான், கோணல் கற்களின் பரப்பைப் போட்டோவிலிருந்தே கணக்கிட்டு வருகிறேன்.

முறை புதிதல்ல. பத்தாம் வகுப்புக் கணிதத்தில் முக்கோணம், நாற்கரம் ஆகியவற்றின் பரப்புக்குச் சொல்லித்தருகிறார்களே, புள்ளிகளை வரிசையாக எழுதிக் குறுக்கே பெருக்கிக் கழிப்பது, அதேதான். மூலைகள் ஐந்தானாலும் பத்தானாலும், கல் உள்பக்கம் குழிந்திருந்தாலும், அதே கணக்குச் செல்லும். கல்லை முக்கோணங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் உயரம் அளக்க வேண்டியதில்லை.

கீழ் ஓரத்தில் உட்குழிவு விழுந்த ஒரு ஐந்து மூலைக் கல்லை எடுத்துக்கொள்வோம். போட்டோவைக் கணினியில் பெயிண்ட் செயலியில் திறந்து, மூலையின் மேல் அம்புக்குறியை வைத்தால் கீழே இரண்டு எண்கள் தெரியும். இடமிருந்து எத்தனை பிக்சல், மேலிருந்து எத்தனை பிக்சல் என்பவை அவை. ஒரு மூலையில் தொடங்கி ஓரத்தோடு வரிசையாகச் சுற்றி வந்து, தொடங்கிய மூலையைக் கடைசியில் மறுபடி எழுத வேண்டும்.

```
620   410
3180  350
3420  1900
2300  1720
840   2260
620   410
```

இந்த வரியின் முதல் எண்ணை அடுத்த வரியின் இரண்டாம் எண்ணால் பெருக்குங்கள். அடுத்த வரியின் முதல் எண்ணை இந்த வரியின் இரண்டாம் எண்ணால் பெருக்கி, அதிலிருந்து கழியுங்கள். முதல் பக்கத்துக்கு 620×350 − 3180×410 = −1086800 வருகிறது. அடுத்தடுத்த பக்கங்களுக்கு 4845000, 1512400, 3753200, −1056800. எல்லாவற்றையும் கூட்டினால் 7967000, அதில் பாதி 3983500. கல்லின் பரப்பு இத்தனை சதுர பிக்சல்.

இரண்டு எண்களுக்கு மட்டும் கழித்தல் குறி ஏன் என்று எங்கள் பட்டறைப் பையன்கள் கேட்பார்கள். ஒவ்வொரு பக்கத்தின் இரு முனைகளும் போட்டோவின் மேல் இடது மூலையோடு சேர்ந்து ஒரு முக்கோணம் ஆகின்றன. அந்த முக்கோணங்களின் பரப்பைத்தான் நாம் கூட்டிக்கொண்டே போகிறோம். தொலைவிலுள்ள பக்கங்களின் முக்கோணங்கள், போட்டோவின் மூலைக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வருகின்றன. போட்டோவின் மூலையை நோக்கிய மேல் பக்கமும் இடது பக்கமும் கழித்தலாக வந்து அந்த வெற்றிடத்தைத் திருப்பி எடுத்துவிடுகின்றன. கல் மட்டும் மிஞ்சுகிறது. இந்த அழகுக்காகவே எனக்கு இந்த முறையின் மேல் தனிப் பிரியம் உண்டு.

கூட்டுத்தொகை முழுவதுமே கழித்தலாக வந்தால் பதற வேண்டாம். பாடப்புத்தகம் கடிகார முள்ளின் எதிர்த் திசையில் போகச் சொல்கிறது. திரையில் இரண்டாம் எண் கீழ்நோக்கி வளர்வதால் இங்கே கடிகாரத் திசைதான் கூட்டலைத் தரும். குறியை விட்டுவிட்டு எண்ணை எடுத்துக்கொள்ளலாம். எக்செலில் A2 முதல் B7 வரை மேலே உள்ள ஆறு வரிகளை இட்டால் இந்த ஒரே வரி போதும்:

```
=ABS(SUMPRODUCT(A2:A6,B3:B7)-SUMPRODUCT(A3:A7,B2:B6))/2
```

இனி அடிக் கணக்கு. கல்லின் மேல் டேப்பை விரித்து ஒட்டிவைத்துத்தான் போட்டோ எடுப்போம். டேப்பில் 5 அடி தூரம் 2000 பிக்சல் என்றால் ஓர் அடிக்கு 400 பிக்சல், ஒரு சதுர அடிக்கு 160000 சதுர பிக்சல். 3983500ஐ அதனால் வகுத்தால் 24.9 சதுர அடி. இதே கல்லை நீள அகலமாக அளந்தால் 7 அடிக்கு ஏறக்குறைய 4.8 அடி, அதாவது 33 சதுர அடிக்கு மேல் போகும். அதிலிருந்து எவ்வளவு தள்ளுவது என்பதில்தான் முன்பெல்லாம் மேஸ்திரிக்கும் எங்களுக்கும் வாக்குவாதம் வரும்.

நெடுநாள் பயன்படுத்தியதில் தெளிவான விஷயம், மூலையைக் குறிப்பதில் வரும் பிசகு சிறியது, அடியைப் பிக்சலாக்குவதில் வரும் பிசகு பெரியது என்பதுதான். மேலே வலது மூலையை 5 பிக்சல் தள்ளிக் குறித்தாலும் இந்தக் கல்லில் அதிகபட்சம் 0.05 சதுர அடிதான் மாறும். ஆனால் 2000 பிக்சலை 1980 என்று படித்துவிட்டால் விடை 25.4 ஆகிவிடும். நீளத்தில் ஒரு சதவீதம் தவறினால் பரப்பில் இரண்டு சதவீதம் தவறும். அதனால் டேப்பில் ஓர் அடியை மட்டும் பார்த்து நிறுத்தாமல், கல்லில் எவ்வளவு நீளம் கிடைக்கிறதோ அவ்வளவையும் அளந்து வகுப்பதே நல்லது.

டேப் கல்லின் முகத்திலேயே படிந்திருக்க வேண்டும் என்பது இன்னும் முக்கியம். பத்து அடி தள்ளி நின்று எடுக்கும்போது, ஒருவர் டேப்பைக் கல்லுக்கு அரை அடி முன்னால் பிடித்திருந்தால், டேப் பெரிதாகத் தெரியும், கல்லின் கணக்கு பத்து சதவீதம் குறைந்துவிடும். விற்பவருக்கு அது நேரடி நஷ்டம்.

அடுத்தது சாய்வு. கல் ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிறது, நாம் செங்குத்தாக நிற்கிறோம். போனையும் கல்லின் சாய்வுக்குச் சாய்த்து, அதன் நடுவுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். சரியாகப் பிடித்தோமா என்று அறிய, மேல் ஓரத்தில் ஒரு டேப், கீழ் ஓரத்தில் ஒரு டேப், குறுக்கே ஒன்று என்று வைத்து, மூன்றிலும் ஓர் அடிக்கு எத்தனை பிக்சல் என்று பார்ப்போம். மேலே 400, கீழே 384 என்று வந்தால் அந்தப் போட்டோ கணக்குக்கு ஆகாது. சராசரி எடுத்துச் சமாளிப்பதைவிட, மறுபடி ஒன்று எடுப்பதே மேல். மிக அருகில் நின்று எடுத்தாலும் ஓரங்கள் வளைந்து தெரியும், அதனால் பின்னால் தள்ளி நின்று ஜூம் செய்து எடுக்கிறோம்.

மூலைகளின் வரிசை மாறுவது இன்னொரு ஆபத்து. இந்தக் கல்லில் நான்காம், ஐந்தாம் வரிகளை இடம் மாற்றி எழுதினால் 18.8 சதுர அடி வரும். நம்பக்கூடிய எண்ணாக இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். உட்குழிந்த மூலையை விட்டுவிட்டாலோ 2.7 சதுர அடி கூடிவிடும். இரண்டுக்கும் ஒரே மருந்து, அந்தப் புள்ளிகளை வைத்து எக்செலில் நேர்கோடுகளால் இணைத்த ஸ்கேட்டர் வரைபடம் போட்டுப் பார்ப்பது. எக்செல் இரண்டாம் எண்ணை மேல்நோக்கி வரைவதால் கல் தலைகீழாக வரும். அந்த அச்சைத் திருப்பிவிட்டால் போட்டோவோடு ஒப்பிட்டுவிடலாம்.

வளைந்த ஓரமுள்ள கல்லுக்கு வளைவின் மேல் நெருக்கமாகப் புள்ளிகள் வைக்க வேண்டும். வெளிப்பக்கம் வளைந்த இடத்தில் குறைவான புள்ளிகள் வைத்தால் கணக்கு எப்போதும் குறைந்தே வரும். நான்கு பக்கமும் நேராக வெட்டிய முழு ஸ்லாப்புக்கு இந்த வேலையே தேவையில்லை, டேப்பே போதும். கோணல் கற்களுக்கு மட்டும் புள்ளிகள் குறித்த போட்டோவையும் எக்செல் தாளையும் அச்செடுத்துப் பில்லோடு வைக்கிறோம். தர்மபுரியிலிருந்து வாடிக்கையாக வரும் ஒரு மேஸ்திரி, "அண்ணா, டேப் வச்ச போட்டோவை முதலில் காட்டுங்கள், தொகையை அப்புறம் பார்ப்போம்" என்றுதான் கேட்கிறார்.